ஏழு வருட இடைவெளிக்குப் பிறகு எவ்வளவு சம்பளம் கேட்பது?

தனியார் நிறுவனத்து எச்.ஆர். முதல் போனிலேயே இரண்டு கேள்வி கேட்டுவிடுவார். இப்போது என்ன சிடிசி, எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்? வேலையில் இருப்பவருக்கு முதல் கேள்வியின் பதிலே இரண்டாவதற்கும் வழி காட்டிவிடும். இப்போது வாங்குவதன் மேல் முப்பது சதவீதம் சேர்த்துச் சொல்வது நம் ஐடி உலகத்தில் ஏறத்தாழ வழக்கமாகிவிட்டது. குழந்தைக்காகவோ, படுத்த படுக்கையான பெற்றோருக்காகவோ, கணவரின் இடமாற்றத்துக்காகவோ ஐந்து, ஏழு, பத்து வருடம் வேலையை விட்டிருந்தவருக்கு அந்த வழி இல்லை. முதல் கேள்விக்கே அவரிடம் இன்றைய பதில் கிடையாது. அதனால் தடுமாறி, "நீங்கள் எவ்வளவு கொடுத்தாலும் சரி" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒரு வார்த்தைக்கு வருடக்கணக்கில் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

எதிர்பார்க்கும் சம்பளத்தை எப்படிக் கணக்கிடுவது என்று ஒரே ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக வைத்தவை, உங்கள் கணக்கில் உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சென்னையில் ஒரு பெண். 2011-இல் சாப்ட்வேர் டெஸ்டிங்கில் சேர்ந்தார். ஏழு வருடம் வேலை பார்த்து, 2018-இல் சீனியர் டெஸ்ட் இன்ஜினியராக 8.4 லட்சம் சிடிசியில் இருந்தபோது வேலையை விட்டார். பெரும்பகுதி மேனுவல் டெஸ்டிங், அதிலும் வங்கித் துறை புராஜெக்ட்கள். இப்போது ஏழு வருடம் கழித்துத் திரும்ப நினைக்கிறார். கடந்த சில மாதங்களாக செலினியம், ஏபிஐ டெஸ்டிங், கொஞ்சம் ஜாவா படித்து, சொந்தமாக ஒரு சிறிய ஆட்டோமேஷன் புராஜெக்ட் செய்து வைத்திருக்கிறார். எவ்வளவு கேட்கலாம்?

பலரும் பழைய 8.4 லட்சத்திலிருந்துதான் தொடங்குவார்கள். "விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும்" என்பவர் அதையே கேட்பார். ஏழு வருட விலைவாசி ஏற்றத்தில் அந்தப் பணம் இன்றைக்கு எவ்வளவு சுருங்கிவிட்டது என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. இன்னொருவர் அதைக் கணக்கில் எடுப்பார். ஆண்டுக்கு ஐந்து சதவீதம் வைத்தால் ஏழு வருடத்தில் ஏறத்தாழ 40 சதவீதம், ஆக 11.8 லட்சம் என்று நிற்பார். கேட்க நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் சம்பளச் சந்தை விலைவாசியோடு சேர்ந்து ஏறுவதில்லை. பெரிய ஐடி சேவை நிறுவனங்களில் கல்லூரியிலிருந்து நேராகச் சேர்பவர்களின் சம்பளம் பத்து வருடத்துக்கும் மேலாக மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்பது இத்துறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த வேதனை. அதே காலத்தில் சில திறன்களுக்கு விலை பல மடங்கு ஏறியது, சிலவற்றுக்கு இறங்கியது. வெறும் மேனுவல் டெஸ்டிங் இறங்கிய பக்கத்தில் இருக்கிறது. ஆகவே 2018-இன் சம்பளம் 2018-இன் வேலைக்கான விலை. இன்று செய்யப்போகும் வேலைக்கு அதிலிருந்து எதையும் கணக்கிட முடியாது.

பழைய எண்ணை ஒதுக்கிவிட்டு, இன்று எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறோமோ அதன் இன்றைய விலையிலிருந்து தொடங்க வேண்டும். அதிலிருந்து, இடைவெளியால் நிறுவனத்துக்கு உண்மையாகவே எவ்வளவு செலவாகுமோ அதை மட்டும் கழிக்க வேண்டும். அந்தக் கழிவும் எவ்வளவு காலத்துக்கு உண்மையோ அவ்வளவு காலத்துக்குத்தான். இந்தக் கட்டுரையின் மற்றதெல்லாம் இதன் விரிவு.

இன்றைய விலையை எப்படி அறிவது? ஆம்பிஷன்பாக்ஸ், கிளாஸ்டோர் போன்ற தளங்களில் எண்கள் கிடைக்கும். அங்கே காட்டும் சராசரியை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அது ஊழியர்கள் தாங்களாகச் சொன்னது. ஒருவர் வேரியபிளோடு சேர்த்துச் சொல்லியிருப்பார், ஒருவர் இல்லாமல். பெங்களூரும் சென்னையும் கலந்திருக்கும். அதைவிட முக்கியமானது நிறுவனத்தின் வகை. ஒரே வேலைக்கு, வாடிக்கையாளருக்கு ஆள் அனுப்பும் சேவை நிறுவனம் ஒரு விலை கொடுக்கும். வெளிநாட்டு வங்கியோ சில்லறை வணிக நிறுவனமோ இங்கே சொந்தமாக நடத்தும் மையம் அதைவிடக் கூடுதலாகக் கொடுக்கும். ஐம்பது பேர் உள்ள உள்ளூர் நிறுவனம் குறைவாகக் கொடுக்கும். இந்த மூன்றையும் சேர்த்து எடுத்த சராசரி மூன்றில் எதற்கும் பொருந்தாது. எனவே வகை, ஊர், அனுபவ வரம்பு மூன்றையும் குறுக்கிப் பார்க்க வேண்டும். அப்புறம் அதே வேலையில் இருக்கும் பழைய பேட்ச்மேட் இரண்டு மூன்று பேரிடம், "நீ எவ்வளவு வாங்குகிறாய்?" என்று கேட்காமல், "இந்த வேலைக்கு ஆறேழு வருட அனுபவத்தில் இப்போது ஆள் எடுத்தால் உங்கள் நிறுவனத்தில் எவ்வளவுக்கு எடுப்பார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் கேள்விக்கு நம் ஊரில் யாரும் வாய் திறப்பதில்லை. இரண்டாவதற்குத் தயங்காமல் சொல்வார்கள், பெரும்பாலும் அந்த எண்தான் தளங்களில் இருப்பதைவிடத் துல்லியமாக இருக்கும்.

நம் எடுத்துக்காட்டில், சென்னையின் நடுத்தரச் சேவை நிறுவனங்களில் ஆறேழு வருட அனுபவமுள்ள ஆட்டோமேஷன் டெஸ்டருக்கு 9 முதல் 13 லட்சம் வரை, நடுவில் 11 என்று கிடைத்ததாக வைத்துக்கொள்வோம்.

இங்கே ஒரு கேள்வி வரும். அவருக்கு எத்தனை வருட அனுபவம் என்று சொல்வது? 2011-இலிருந்து எண்ணினால் பதினான்கு. அப்படிச் சொல்லக் கூடாது. வேலை பார்த்தது ஏழு, அதுதான் கணக்கு. அந்த ஏழையும் நான்கு என்று தாமாகக் குறைத்துக்கொள்ளும் பெண்களும் இருக்கிறார்கள். அது அநியாயம். ஒரு டூல் எப்படி வேலை செய்கிறது என்பது மறந்துபோகும், மாறியும் போகும். வங்கியில் ஒரு பணப் பரிமாற்றம் எங்கெல்லாம் உடையும், ரிலீஸுக்கு முந்தைய இரவு எதை முதலில் சோதிக்க வேண்டும், டெவலப்பர் "என் மெஷினில் வேலை செய்கிறதே" என்றால் என்ன பதில் சொல்வது, இதெல்லாம் அப்படிப் போவதில்லை.

அடுத்து கழிவு. இந்த இடத்தில்தான் எச்.ஆரும் விண்ணப்பதாரரும் மனம்போன போக்கில் ஓர் எண்ணைச் சொல்கிறார்கள். முப்பது சதவீதம் குறைத்துக்கொள்ளுங்கள், பாதி வாங்கிக்கொண்டு முதலில் உள்ளே வாருங்கள் என்றெல்லாம். இதற்கு ஒரு அடிப்படை வேண்டும். இடைவெளியால் நிறுவனத்துக்கு ஆகும் செலவு என்ன? புதிதாகச் சேரும் யாருக்குமே புராஜெக்டைப் புரிந்துகொள்ள நாள் பிடிக்கும். அது எல்லோருக்கும் பொது, அதைக் கழிக்கக் கூடாது. கழிக்க வேண்டியது, தொடர்ந்து வேலையில் இருந்தவரைவிடக் கூடுதலாக இவருக்கு ஆகும் காலத்தை மட்டும். முதல் நான்கு மாதம் இவர் பாதி வேகத்தில் வேலை செய்வார் என்று தாராளமாகவே வைப்போம். நான்கு மாதத்தில் பாதி என்றால் இரண்டு மாதச் சம்பளம். 11 லட்சத்தில் இரண்டு மாதம் சுமார் 1.8 லட்சம். அதைக் கழித்தால் 9.2 லட்சம்.

இந்த 1.8 லட்சம் முதல் வருடத்துக்கு மட்டுமான செலவு. ஐந்தாம் மாதத்திலிருந்து அவர் பக்கத்து நாற்காலிக்காரர் செய்யும் அதே வேலையைத்தான் செய்கிறார். ஆனால் நடைமுறையில், முதல் வருடத்துக்கென்று குறைத்த சம்பளம் அடுத்தடுத்த வருடங்களிலும் கூடவே வருகிறது. காரணம், நம் நிறுவனங்களில் ஊதிய உயர்வு எப்போதும் இருக்கும் சம்பளத்தின் சதவீதம். 11 லட்சம் மதிப்புள்ள வேலைக்கு ஒருவர் 7 லட்சத்தில் சேர்ந்து, ஆண்டுக்கு 9 சதவீதம் உயர்வு கிடைத்தால், மூன்று உயர்வுக்குப் பிறகு அவர் 9 லட்சத்தைத் தொடுவார். அதே உயர்வோடு 11-இல் சேர்ந்தவர் அதற்குள் 14-ஐத் தாண்டியிருப்பார். தொடக்கத்தில் நான்கு லட்சமாக இருந்த இடைவெளி ஐந்தாகியிருக்கும். வேறு நிறுவனத்துக்குப் போனாலும் அங்கேயும் "இப்போது என்ன வாங்குகிறீர்கள்" என்ற அதே கேள்விதான். இதனால்தான் கழிவு எவ்வளவு என்பதைவிட, அது எப்போது முடியும் என்பதில் கவனமாக இருக்கச் சொல்கிறேன்.

இன்னொரு பக்கம், இவரிடம் வேலையில் இருப்பவரிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. நம் ஐடி நிறுவனங்களில் நோட்டீஸ் பீரியட் 60 நாள், 90 நாள் என்று இருக்கிறது. ஆஃபர் கொடுத்துவிட்டு மூன்று மாதம் காத்திருந்தால், அதற்குள் அந்த ஆள் கையில் இரண்டு மூன்று ஆஃபர் வைத்துக்கொண்டு கடைசி நாளில் வராமல் போவதும் நடக்கிறது. இதனால் வேலை விளம்பரங்களிலேயே 'இமீடியட் ஜாயினர் மட்டும்' என்று போடுகிறார்கள். இடைவெளியில் இருப்பவர் அடுத்த திங்கட்கிழமையே சேரலாம். புராஜெக்ட் தொடங்க ஆள் இல்லாமல் தவிக்கும் மேனேஜருக்கு அந்த மூன்று மாதம் பெரிய விஷயம், அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இதைக் கணக்கில் சேர்த்து, நம் எடுத்துக்காட்டுப் பெண் 10 லட்சம் கேட்கலாம், 9.2-க்குக் கீழே வந்தால் தயங்கலாம் என்பது என் கணிப்பு.

"கீழே எதுவரை போகலாம்?" என்பது வேறு கணக்கு. அதை வீட்டில் உட்கார்ந்து போட வேண்டும், எச்.ஆரிடம் சொல்லவே கூடாது. வேலைக்குப் போவதால் புதிதாக வரும் செலவு என்ன? பள்ளி விட்டபின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள, சமையலுக்கு ஆள், போக்குவரத்து. மாதம் 20,000 என்று வைப்போம். அது போக வீட்டுக்கு 25,000-ஆவது மிஞ்சினால்தான் போவதில் பொருள் இருக்கிறது என்றால், கைக்கு 45,000 வர வேண்டும். இதைப் பன்னிரண்டால் பெருக்கி 5.4 லட்சம் சிடிசி போதும் என்று நினைத்தால் முதல் மாதச் சம்பளத்திலேயே ஏமாற்றம்தான்.

சிடிசி என்பது நிறுவனம் உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு. அதில் நிறுவனம் கட்டும் பிஎஃப் பங்கும் இருக்கும். கிராஜுவிட்டிக்கென்று அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதமும் இருக்கும். அது நிரந்தர ஊழியருக்கு ஐந்து வருடம் முடிந்தால்தான் கைக்கு வரும். வேரியபிள் இருக்கும், அது வரலாம், பாதி வரலாம். 9.5 லட்சம் சிடிசியைப் பிரித்துப் பார்ப்போம். பாதி அடிப்படைச் சம்பளம், 4.75 லட்சம். அதில் 12 சதவீதம் நிறுவனத்தின் பிஎஃப், 57,000. கிராஜுவிட்டி சுமார் 23,000. வேரியபிள் எட்டு சதவீதம் என்றால் 76,000. இவை போக மீதி 7.94 லட்சம். அதில் உங்கள் பங்கு பிஎஃப் இன்னொரு 57,000-மும், வருடத்துக்குத் தொழில்வரி 2,500 ரூபாயும் பிடித்தால் மாதம் கைக்கு வருவது சுமார் 61,000. பன்னிரண்டால் வகுத்தவர் 79,000 எதிர்பார்த்திருப்பார். வருமான வரியைப் பொறுத்தவரை, புதிய வரித்திட்டத்தில் 2025-26 நிதியாண்டிலிருந்து 12.75 லட்சம் வரை சம்பளம் வாங்குபவருக்கு, வேறு வருமானம் இல்லையென்றால், வரி இல்லை. 2018-இல் சம்பளம் வாங்கியவர்களுக்கு இது ஒரு நல்ல மாற்றம்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் கைக்கு 45,000 வர சிடிசி 7 லட்சம் தேவை. இதுதான் இவருடைய அடிமட்டம். இது குடும்பத்தின் தேவையை ஒட்டி வந்த எண், வேலையின் விலைக்கும் இதற்கும் தொடர்பில்லை. 7 லட்சத்தில் வீடு ஓடும் என்பதற்காக 7 லட்சம் கேட்கக் கூடாது. அதற்குக் கீழே வந்தால் நன்றி சொல்லி விலகலாம் என்பதற்கு மட்டுமே அந்த எண்.

சரி, போனில் எப்படிப் பேசுவது? பெரும்பாலும் இப்படிப் போகும்.

"கரண்ட் சிடிசி எவ்வளவு மேடம்?"

"2018-ல விட்டப்போ 8.4 சார். அது மேனுவல் டெஸ்டிங். இப்ப நான் அப்ளை பண்றது ஆட்டோமேஷன் ரோல், அதனால அந்த சம்பளத்த வச்சுப் பேச வேண்டாம்னு நினைக்கிறேன். இந்த ரோலுக்கு உங்க பட்ஜெட் என்னன்னு சொல்ல முடியுமா?"

"நீங்க எக்ஸ்பெக்டேஷன் சொல்லுங்க மேடம்."

"மார்க்கெட்ல சராசரியா 11 போகுது. எனக்கு முதல் நாலு மாசம் பழக்கத்துக்கு வர டைம் ஆகும்ங்கறத நானே கணக்குல எடுத்து 10 சொல்றேன். அடுத்த வாரமே ஜாயின் பண்ண முடியும். ஆறு மாசத்துல ஒரு ரிவ்யூ வச்சா நல்லா இருக்கும்."

பழைய சம்பளத்தை மறைக்கவோ கூட்டிச் சொல்லவோ வேண்டாம். பழைய சம்பளச் சீட்டைக் கேட்பார்கள். இடைவெளியையும் மறைக்க முடியாது. யுஏஎன் எண்ணின் கீழ் பிஎஃப் எந்த மாதம் வரை கட்டப்பட்டது என்பது பதிவில் இருக்கிறது, பின்னணிச் சரிபார்ப்பில் அதைப் பார்க்கும் நிறுவனங்கள் பல. வேலைத் தளங்களின் படிவத்தில் தற்போதைய சம்பளம் கட்டாயம் என்றால் பலர் பூஜ்யம் போட்டுவிடுகிறார்கள். ஆள் தேடுபவர்கள் சம்பள வரம்பு வைத்து வடிகட்டும்போது அந்தப் பூஜ்யம் உங்களைக் கண்ணில் படாமல் செய்துவிடும். கடைசியாக வாங்கிய சம்பளத்தைப் போட்டு, அது எந்த வருடத்தது என்பதைச் சுருக்கக் குறிப்பில் எழுதிவிடுங்கள்.

சம்பளத்தைப் பேசும்போதே கிரேடையும் கேளுங்கள். ஒவ்வொரு கிரேடுக்கும் குறைந்தபட்சமும் அதிகபட்சமும் உண்டு. "சம்பளத்தில் குறை வைக்கவில்லை" என்று சொல்லி 9.2-ஐக் கொடுத்துவிட்டு, உங்களை ஒரு படி கீழே, நான்கு வருட அனுபவக்காரரின் கிரேடில் வைத்தால், நீங்கள் அந்தக் கிரேடின் உச்சியில் நிற்பீர்கள். அடுத்த வருடம் உயர்வு வரும்போது "உங்கள் கிரேடுக்கு இதுதான் உச்சம்" என்பார்கள். என்னைக் கேட்டால், சரியான கிரேடில் 9 லட்சம், கீழ்க் கிரேடில் 9.8 லட்சத்தைவிட நல்லது.

நீங்கள் சொல்லும் எண் சரியா என்பது பேச்சு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதில் தெரியும். சம்பளம் சொன்ன உடனே "திரும்பக் கூப்பிடுகிறோம்" என்று பல இடங்களில் முடிந்துபோனால், எண் அந்த வகை நிறுவனத்துக்கு அதிகம். டெக்னிக்கல் ரவுண்டு வரை போய் அதன் பிறகு நின்றால், பிரச்சினை சம்பளத்தில் இல்லை, தயாரிப்பில் இருக்கிறது. அப்போது சம்பளத்தைக் குறைப்பதால் எதுவும் மாறாது. பலர் இந்த இடத்தில்தான் பயந்து எண்ணைக் குறைக்கிறார்கள். நீங்கள் எண்ணைச் சொன்னதும் ஒரு கேள்வியும் இல்லாமல் அன்று மாலையே ஆஃபர் வந்துவிட்டால், பெரும்பாலும் குறைவாகச் சொல்லியிருக்கிறீர்கள்.

திரும்பி வருபவர்களுக்கென்றே தனித் திட்டங்களும் உண்டு. டாடா குழுமம் 2008-இல் இப்படி ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அமெரிக்காவில் கோல்ட்மேன் சாக்ஸ் நிறுவனமும் அதே ஆண்டு தொடங்கியது. மூன்று மாதமோ ஆறு மாதமோ உதவித்தொகையோடு வேலை, பிடித்திருந்தால் நிரந்தரம் என்பதுதான் பொதுவான அமைப்பு. கழிவைக் குறிப்பிட்ட காலத்துக்குள் அடைத்துவிடுவதால் கருத்தளவில் இது நேர்மையானது. ஆனால் சேரும் முன்பே இரண்டு விஷயம் தெரிய வேண்டும். நிரந்தரமானால் எந்தக் கிரேடு, எந்தச் சம்பள வரம்பு? அதைச் சொல்ல மறுத்தால், ஆறு மாதம் கழித்து உங்கள் பேரம் உதவித்தொகையிலிருந்து தொடங்கும்.

கடைசியாக, அந்த ஆறு மாத ரிவ்யூ. "நல்லா பண்ணுங்க மேடம், பார்த்துப் பண்ணிக்கலாம்" என்று வாயால் சொன்ன எச்.ஆர். ஆறு மாதத்தில் வேறு நிறுவனத்தில் இருப்பார். ஆஃபர் லெட்டரிலேயே ஒரு வரி கேளுங்கள். முடியாது என்றால், பேசியதை நீங்களே ஒரு மின்னஞ்சலாக எழுதி அனுப்பி, "இப்படித்தான் புரிந்துகொண்டேன், சரிதானா?" என்று கேட்டு அவர் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்த மாதம், எந்தெந்த வேலை முடிந்திருந்தால், எந்தச் சம்பளத்துக்கு உயரும் என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். நம் எடுத்துக்காட்டில், ஆறாவது மாதம், இரண்டு ரிலீஸுக்கு ஆட்டோமேஷனைத் தனியாகச் செய்து முடித்திருந்தால், 11 லட்சம்.

ஆஃபரில் கையெழுத்துப் போடுமுன் அப்ரைசல் கட்-ஆஃப் தேதியையும் கேட்டுவிடுங்கள். ஏப்ரலில் உயர்வு கொடுக்கும் நிறுவனங்கள் பலவற்றில், அக்டோபர் முதல் தேதிக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு அந்த ஏப்ரலில் ஒன்றும் இல்லை, அதற்கு அடுத்த ஏப்ரல்தான் என்பது போல ஒரு விதி இருக்கும். நவம்பரில் சேர்ந்தால் முதல் உயர்வுக்குப் பதினேழு மாதம் காத்திருக்க வேண்டும், குறைத்துக் கொடுத்த சம்பளத்திலேயே. கட்-ஆஃப்புக்கு மறுவாரம் சேரச் சொல்கிறார்கள் என்றால், முன்கூட்டியே சேர முடியுமா என்று கேளுங்கள். நோட்டீஸ் பீரியட் இல்லாத உங்களால் அது முடியும். அவர்களால் முடியாவிட்டால், ரிவ்யூ மாதத்தை மின்னஞ்சலில் இன்னும் அழுத்தமாக எழுதி வாங்குங்கள்.